ஒன்பது நாள் மடித்து வைத்த காகிதம்

2024 தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் அலுவலகத்தைப் பூட்டப் போகும் நேரத்தில் வாசலில் ஒரு மஞ்சள் போர்டு வண்டி வந்து நின்றது. இறங்கி வந்தவர் உட்காரவில்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரைத் திறந்து, நாலாக மடித்த இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பு ஓரங்கள் அழுக்கேறிக் கிழியத் தொடங்கியிருந்தன.

"ரெண்டரை லட்சம் ஃபைன் போட்டுட்டாங்க சார். இன்கம்டாக்ஸ்ல."

"யார் சொன்னது அண்ணே?"

"பிரவுசிங் சென்டர் தம்பிதான். ரெண்டு லட்சத்து நாப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு. தீபாவளி சமயம் பாருங்க, வீட்ல சொல்லவே இல்ல. இன்னிக்கு அடகுக்கடையில விசாரிச்சிட்டு வர்றேன்."

தாள்களைப் பிரித்துப் படித்தேன். அவர் சொன்ன தொகை அதில் எங்குமே இல்லை. வருமான வரித்துறையின் பெங்களூரு மையச் செயலாக்க நிலையம் அனுப்பியிருந்த நோட்டீஸ் அது. மேலே பிரிவு 139(9) என்று இருந்தது. தேதி நவம்பர் 4. நடுவில் ஒரு கட்டத்தில் குறையின் எண், குறையின் விவரம், சரிசெய்யும் வழி என்று மூன்று பத்திகள். அவ்வளவுதான். கட்டச் சொல்லி ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தது ஒரு விளக்கம். அதற்குப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்பது நாள் அந்தக் கவருக்குள்ளேயே போயிருந்தது.

பத்து வருடமாக டாக்ஸி ஓட்டுகிற மனிதர் ஏன் இதை அபராதம் என்று எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அவர் கைக்கு அரசிடமிருந்து வருகிற தகவல் எல்லாமே அபராதம்தான். நோ பார்க்கிங், சிக்னல், சீட் பெல்ட் என்று எதற்கானாலும் போனில் இ-சலான் குறுஞ்செய்தி வரும். அதில் வண்டி எண் இருக்கும், தொகை இருக்கும், கட்டு என்று இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள், அதில் 'டிஃபெக்டிவ்', 'இன்வாலிட்' என்ற சொற்கள், கீழே ஓர் அதிகாரியின் பதவிப் பெயர். இதைப் பார்த்ததும் தொகை எங்கே என்றுதான் கண் தேடும். தாளில் தொகை இல்லாததால் பிரவுசிங் சென்டர் பையன் வேறொரு இடத்திலிருந்து ஒரு தொகையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டான்.

அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அவரை உட்காரவைத்து, டீ வரவழைத்து, அவருடைய ஒரே ஒரு சவாரியை எடுத்துக்கொண்டேன். (ஆளை அடையாளம் காட்டாமல் இருக்கவும் கணக்கு எளிதாக இருக்கவும் இங்கே எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன். எல்லாச் சவாரிக்கும் பயணி செயலி வழியாகவே பணம் செலுத்தியதாகவும் வைத்துக்கொள்கிறேன்.)

ஒரு பயணி 400 ரூபாய் கொடுத்து ஒரு சவாரி போகிறார். செயலி நடத்தும் நிறுவனம் அதில் கமிஷனாக 100 ரூபாய் எடுத்துக்கொள்கிறது. கூடவே 4 ரூபாயை டி.டி.எஸ். என்று பிடித்து, ஓட்டுநரின் பான் எண்ணின் பேரில் அரசுக்குக் கட்டுகிறது. மீதி 296 ரூபாய் ஓட்டுநரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. நாளைக்கு ஆறு ஏழு சவாரி, வருடத்துக்கு 2,400 சவாரி என்றால் பயணிகள் கொடுத்தது 9,60,000 ரூபாய். கமிஷன் போனது 2,40,000. டி.டி.எஸ். 9,600. வங்கிக்கு வந்தது 7,10,400.

இந்த 4 ரூபாயைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இணையச் செயலி வழியாகத் தொழில் செய்பவருக்குப் பணம் தரும்போது அந்த நிறுவனம் வரி பிடிக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தின் 194-ஓ பிரிவு சொல்கிறது. அவருடைய கணக்கு 2023-24 நிதியாண்டுக்கானது; அப்போது விகிதம் ஒரு சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் அதை 0.1 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் எந்தத் தொகையின்மேல் பிடிக்க வேண்டும் என்பது மாறவில்லை. கமிஷனைக் கழிப்பதற்கு முன், பயணி கொடுத்த முழுத் தொகையின்மேல்தான் பிடிக்க வேண்டும். பயணி ரொக்கமாக ஓட்டுநர் கையில் கொடுத்தால்கூட, அது செயலி நிறுவனம் கொடுத்ததாகவே கருதப்பட்டு இந்தக் கணக்கில் சேரும்.

அதனால் வரித்துறையின் 26ஏஎஸ் என்ற பதிவில் இவர் பான் எண்ணுக்கு நேராக இருப்பது 9,60,000. இவர் பாஸ்புக்கில் இருப்பது 7,10,400. இரண்டும் உண்மைதான். ஒன்று பயணி கொடுத்தது, மற்றது இவர் கைக்கு வந்தது.

ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பிரவுசிங் சென்டரில் பாஸ்புக்கைப் பார்த்து 7,10,400 ரூபாயை மொத்த வரவு என்று போட்டுவிட்டார்கள். அதே ரிட்டர்னில், பிடித்த வரி 9,600 ரூபாயைத் திரும்பக் கொடுங்கள் என்றும் கேட்டிருந்தார்கள். இங்கேதான் இடித்தது. எந்த வருமானத்தின்மேல் வரி பிடிக்கப்பட்டதோ அந்த வருமானத்தைக் கணக்கில் காட்டினால்தான் அந்த வரியை உரிமை கோரலாம் என்பது விதி. 9,600 ரூபாய் என்பது 9,60,000 ரூபாயின் ஒரு சதவீதம். வரியை முழுதாகக் கேட்டுவிட்டு வரவில் முக்கால் பங்கை மட்டும் காட்டியிருக்கிறீர்களே, மீதி எங்கே? கணினி கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான்.

நோட்டீஸ் வந்ததும் இவர் மறுபடி அதே சென்டருக்குப் போயிருக்கிறார். அந்தப் பையன் 26ஏஎஸ் பதிவைத் திறந்து, 9,60,000 ரூபாயிலிருந்து 7,10,400 ரூபாயைக் கழித்து, "2,49,600 இடிக்குதுண்ணே" என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது வித்தியாசத்தை. இவர் காதில் விழுந்தது அபராதம். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்நூறு ரூபாய்க்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் இடத்தில் நோட்டீஸைப் படித்து விளக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

"அப்ப நான் ஒண்ணும் கட்ட வேணாமா சார்?" என்றார். உடனே ஆம் என்று சொல்லிவிடத் தோன்றியது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் சொல்லக் கூடாது. வரவு கூடினால் வருமானமும் கூடுமே என்ற சந்தேகத்தைத் தீர்த்தாக வேண்டும்.

டாக்ஸி ஓட்டுபவர்கள் பெரும்பாலும் ஐ.டி.ஆர்.-4 படிவத்தில், 44ஏடி என்ற பிரிவின் கீழ் உத்தேசக் கணக்கில் ரிட்டர்ன் போடுகிறார்கள். கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வங்கி வழியாக வந்த வரவில் குறைந்தது 6 சதவீதம், ரொக்க வரவில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். (வண்டிக்கு இவ்வளவு என்று மாதக் கணக்கில் வருமானம் காட்டும் 44ஏஈ பிரிவு சரக்கு வாகனங்களுக்கு மட்டும். ஆள் ஏற்றும் டாக்ஸிக்கு அது பொருந்தாது. இந்தத் தவறையும் அடிக்கடி பார்க்கிறேன்.) 6 சதவீதம் என்பது தரைமட்டம். உண்மையில் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் கூடுதலைத்தான் காட்ட வேண்டும்.

முதல் ரிட்டர்னில் 7,10,400 ரூபாய்க்கு 6 சதவீதம் போட்டு 42,624 ரூபாய் வருமானம் என்று காட்டியிருந்தார்கள். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயில் ஒரு குடும்பம் சென்னையில் வாழ்ந்து வண்டிக் கடனும் கட்டுகிறது என்று அந்தக் காகிதம் சொல்கிறது. அது சரியில்லை என்று அவருக்கே தெரிந்தது. அதனால் செலவை உட்கார்ந்து எழுதினோம். செயலிக் கமிஷன் 2,40,000. டீசல் 3,00,000. இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 1,10,000. வண்டிக் கடனில் வட்டி மட்டும் 80,000. அசல் செலவாகாது, அதைக் கழிக்க முடியாது. ஆக 7,30,000. பயணிகள் கொடுத்த 9,60,000 ரூபாயில் இது போக மீதி 2,30,000.

அந்த ஆண்டில் புதிய வரிமுறைப்படி மூன்று லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. இவர் வருமானம் அதற்கும் கீழே. மொத்த வரவை 9,60,000 என்று சரியாகக் காட்டினாலும், லாபத்தை உள்ளபடி 2,30,000 என்று காட்டினாலும் வரி பூஜ்யம்தான். பிடித்த 9,600 ரூபாய் முழுவதும் அவருக்குத் திரும்ப வர வேண்டிய பணம்.

இதைச் சொன்னபோது அவர் உடனே சந்தோஷப்படவில்லை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எதுக்கு சார் டிஃபெக்டிவ்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். வண்டி எஃப்.சி.க்குப் போகும்போது ஆய்வாளர் ஒரு விளக்கு எரியவில்லை என்று எழுதி, சரிசெய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்புவதில்லையா, அது மாதிரி என்றேன். அவருக்கு அது சட்டென்று பிடிபட்டது. "சரி பண்ணிட்டுப் போகலன்னா எஃப்.சி. இல்லாத வண்டி ஆயிடும்" என்று அவரே சொன்னார்.

அவர் சொன்னதுதான் இதில் உள்ள ஆபத்தும். 139(9) நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் பதில் போகாவிட்டால், போட்ட ரிட்டர்னைச் செல்லாதது என்று கருதிவிடலாம். சட்டத்தின் பார்வையில் அவர் ரிட்டர்னே போடாதவர் ஆகிவிடுவார். 9,600 ரூபாயைக் கேட்கும் உரிமை முதலில் போகும். டிசம்பருக்குள் தாமத ரிட்டர்ன் போடலாம் என்றாலும், நோட்டீஸைக் கவருக்குள்ளேயே வைத்துக்கொண்டு புத்தாண்டையும் தாண்டிவிட்டால் அதற்குப் பிறகு தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக மனுப் போட்டு அலைய வேண்டும். அடுத்த வண்டிக்கு வங்கியில் கடன் கேட்கும்போது அந்த ஆண்டின் ரிட்டர்ன் இருக்காது. பதினைந்து நாள் போதாது என்றால் கெடுவை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்க வேண்டும் என்றால் நோட்டீஸைப் பிரித்துப் படித்திருக்க வேண்டும்.

பதில் சொல்லும் வேலை நினைப்பதைவிடச் சின்னது. அன்றிரவே என் கணினியில் செய்தோம். incometax.gov.in தளத்தில் பான் எண்ணும் கடவுச்சொல்லும் போட்டு உள்ளே போனதும் மேலே Pending Actions என்று இருக்கும். அதில் e-Proceedings. அங்கே அந்த நோட்டீஸ் நிற்கும். திறந்தால் Agree, Disagree என்று இரண்டு வழி. குறை உண்மை என்றால் முதலாவது. அப்போது ரிட்டர்னைத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். குறை இல்லை என்று நமக்கு உறுதியாகத் தெரிந்தால் இரண்டாவது; அப்போது காரணத்தை எழுத வேண்டும். இவர் விஷயத்தில் குறை உண்மை. Agree கொடுத்து, ஐ.டி.ஆர்.-4 படிவத்தில் மொத்த வரவை 9,60,000 என்றும் வருமானத்தை 2,30,000 என்றும் மாற்றினோம். இந்த இடத்தில் பலர் சாதாரணமாக ஒரு திருத்திய ரிட்டர்ன் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். ரிட்டர்ன் போடும் கெடு முடியாதவரை அதுவும் ஒரு வழிதான்; நோட்டீஸுக்கே பதிலாகக் கொடுப்பதென்றால் முறை வேறு. இந்த ரிட்டர்ன் 139(9) நோட்டீஸுக்குப் பதிலாகக் கொடுக்கப்படுகிறது என்பதைத் தேர்ந்தெடுத்து, பழைய ரிட்டர்னின் ஒப்புகை எண்ணையும் நோட்டீஸ் எண்ணையும் சேர்க்க வேண்டும். பதிலை ஒருமுறை அனுப்பிவிட்டால் திரும்பப் பெற முடியாது என்பதால் எண்களை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கடைசியில் ஆதார் ஓ.டி.பி. அவர் போனுக்கு வந்தது. மணி ஒன்பதரை.

அவருடைய கணக்கில் இன்னொரு கோளாறையும் கவனித்தேன். கைப்பேசி எண் அவருடையது, ஆனால் மின்னஞ்சல் முகவரி பிரவுசிங் சென்டருடையது. நோட்டீஸ் அந்த அஞ்சலுக்குத்தான் போயிருக்கிறது. இவருக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும். நூறு பேருடைய வரிக் கடிதங்கள் போய் விழும் ஒரு பெட்டியில் இவருடையதும் விழுந்திருக்கிறது. அதை அவர் மகளின் முகவரிக்கு மாற்றிக் கொடுத்தேன். கல்லூரியில் படிக்கிறாளாம். அஞ்சலில் வரும் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை நாள், மாதம், வருடம் என்று எட்டு இலக்கத்தில் அடித்தால் திறக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

கிளம்பும் முன் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "அடுத்த தடவ இந்த மாதிரி ஒண்ணு வந்தா, ஃபைனா கேள்வியான்னு நானே எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

முதலில் தாளின் மேலே உள்ள பிரிவு எண்ணைப் பார்க்கச் சொன்னேன். பணம் கட்டச் சொல்லும் காகிதம் பிரிவு 156-ன் கீழ் வருகிற கேட்பு நோட்டீஸ். அதில் கட்ட வேண்டிய தொகை ரூபாயில் அச்சாகியிருக்கும், வழக்கமாக முப்பது நாள் கெடு இருக்கும், தளத்திலும் நிலுவைத் தொகைக்கென்று தனிப் பக்கத்தில் அது தெரியும். அதுவும்கூட வரியாகவோ வட்டியாகவோ இருக்கலாம், ஏற்கெனவே உத்தரவு போட்ட அபராதமாகவும் இருக்கலாம். வரித்துறை அபராதம் போடுவதென்றால் அதற்குமுன் காரணம் கேட்டு, பதிலைக் கேட்டு, அதன் பிறகு தனியாக உத்தரவு போட வேண்டும். திடீரென்று ஒரு தாளில் வந்து விழாது. 139(9) என்றிருந்தால் ரிட்டர்னில் குறை. 142(1) என்றிருந்தால் ரிட்டர்னையோ விவரங்களையோ கேட்கிறார்கள். 133(6) என்றிருந்தால் ஒரு தகவல் கேட்கிறார்கள். இவை எல்லாம் கேள்விகள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால்தான் பின்னால் தொகை வரும். இந்த எண்கள் 1961-ஆம் வருடச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருடத்துப் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால் எண்கள் மாறும். அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குகளுக்கு வரும் நோட்டீஸ்களில் பழைய எண்களைத் தொடர்ந்து பார்க்கலாம். எண் மாறினாலும், தாளில் கட்ட வேண்டிய தொகை இருக்கிறதா, இல்லை பதில் கேட்டிருக்கிறதா என்று பார்ப்பது மாறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இருந்த பயத்தில் யாராவது போனில் கூப்பிட்டு, இந்த லிங்க்கை அழுத்திப் பத்தாயிரம் கட்டினால் நோட்டீஸ் போய்விடும் என்று சொல்லியிருந்தால் கட்டியிருப்பார். 2019 அக்டோபர் 1 முதல் வரித்துறையின் ஒவ்வொரு கடிதத்திலும் டின் என்கிற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். தளத்தின் முகப்பிலேயே, உள்நுழையாமலே, Authenticate Notice/Order Issued by ITD என்ற இடத்தில் அந்த எண்ணை அடித்தால் அது உண்மையான கடிதமா என்று தெரிந்துவிடும். அவருடைய தாளில் இருந்த எண்ணை அவரையே அடிக்க வைத்தேன். ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். உண்மையான நோட்டீஸ்தான் என்று திரையில் வந்தது. பயமுறுத்திய அதே காகிதம் நிஜமானது என்று தெரிந்ததில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. பின்னால் கோயம்பேட்டு இரைச்சல்.

"சார், மறுபடி ஒண்ணு வந்திருக்கு. பொண்ணு தொறந்து காட்டுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. "என்ன பிரிவுண்ணே போட்டிருக்கு?"

"நூத்தி நாப்பத்தி மூணு, அடைப்புல ஒண்ணு. தொகை போட்டிருக்கு சார். ஒம்பதாயிரத்து அறுநூறு. ஆனா கேள்வி ஏதும் இல்ல, கட்டுன்னும் இல்ல. தொகைக்கு நேரா ரீஃபண்டுன்னு இருக்கு. அதான் வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிட்டேன். சவாரி ஏறப் போறாங்க, வெச்சிடறேன் சார்."